மாதிரி ஷீட்டும் வந்த சரக்கும்: வெள்ளறடை ரப்பர் வணிகத்தில் ஒரு முறையீட்டுக் கடிதம்

நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் வெள்ளறடையிலும் அதற்கு அப்பால் தமிழ்நாட்டுப் பகுதியான விளவங்கோடு வட்டத்திலும் ரப்பர் ஒரே பயிராகத் தொடர்ந்து பரந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி நிகழ்ந்த மாநிலப் பிரிவினையில் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் சென்றபின், ஒரே மலைச்சரிவின் சரக்கு இரு மாநிலங்களின் வணிகர்களுக்கிடையே கைமாறும் நிலை ஏற்பட்டது. இவ்வணிகத்தில் வாங்குபவர் முதலில் இரண்டு அல்லது மூன்று ரப்பர் ஷீட்டுகளை மாதிரியாகப் பார்த்து விலை பேசுவதும், பிறகு வந்திறங்கும் கட்டுகள் அந்த மாதிரியைவிடத் தாழ்ந்திருப்பதைக் கண்டு மாற்றுச் சரக்குக் கேட்டு எழுதுவதும் நேரக்கூடியவையே. அத்தகைய கடிதத்தின் பலம் அதன் சொற்களில் இருப்பதைவிட, அதை எழுதுவதற்கு முன் சரக்கு எவ்வாறு திறக்கப்பட்டது, மாதிரி எவ்வாறு காக்கப்பட்டது என்பதிலேயே அதிகம் இருக்கிறது என்பதை ரப்பர் ஷீட்டின் தன்மையிலிருந்தே விளக்கலாம்.

மரத்திலிருந்து வடித்த பாலை நீர் சேர்த்து, தட்டுகளில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் கலந்து உறையவைத்து, உருளைகளுக்கிடையே அழுத்தி வரிகளோடு கூடிய மெல்லிய தகடாக எடுப்பதே ஷீட். பிறகு அது நீர் வடிந்து, புகைப்புரையில், அதாவது விறகுப் புகையும் மிதமான வெப்பமும் நிறைந்த அறையில், ஏறத்தாழ நான்கு நாள் காய்ந்தால் வரியிட்ட புகையூட்டிய ஷீட் ஆகிறது. வணிகத்தில் இதை ஆர்.எஸ்.எஸ். என்று சொல்லி 1 முதல் 5 வரை தரம் பிரிப்பர். இந்தியச் சந்தையில் பெரிதும் கைமாறுவது ஆர்.எஸ்.எஸ். 4 என்ற நான்காம் தரம்; கோட்டயத்து ரப்பர் வாரியம் நாளும் விலை வெளியிடும் தரங்களில் அதுவும் ஒன்று. கட்டி ரப்பர் எனப்படும் மற்றொரு வகையில் தூசி, சாம்பல், ஆவியாகும் பொருள் முதலியவற்றுக்கு ஆய்வுக்கூட எண்கள் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஷீட்டைத் தரம் பிரிப்பது கண். தரம் பிரிப்பவர் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தே முடிவு செய்கிறார்.

இங்கேதான் மாதிரிக்கு மற்றச் சரக்குகளில் இல்லாத எடை வந்துசேர்கிறது. ஷீட் ரப்பருக்கு உலக வணிகம் ஒப்புக்கொண்ட தரநூல், பச்சை நூல் என்று வணிகர்கள் அழைப்பது, நான்காம் தரத்தை வரையறுக்கும்போது நடுத்தர அளவுள்ள பட்டைத் துகள், குமிழ், ஒளி ஊடுருவும் கறை, இலேசான ஒட்டும் தன்மை, சற்று மிகுந்த புகையூட்டல் ஆகியவற்றை அதிகாரபூர்வ மாதிரியில் காட்டப்பட்ட அளவுக்கு அனுமதிக்கிறது. அதாவது எழுத்தில் எழுதப்பட்ட தரமே கடைசியில் ஒரு ஷீட்டைக் கைகாட்டி நிற்கிறது. உள்ளூரில் இரு வணிகர்கள் மூன்று ஷீட்டை நடுவில் வைத்துப் பேசுவதும் அதே முறையின் சிறு வடிவம்தான்; ஆகவே அந்த மூன்று ஷீட்டும் தொலைந்துபோனாலோ மாறிப்போனாலோ, பேசப்பட்ட தரத்துக்குச் சாட்சி இல்லாமல் போகிறது.

சரக்கு மாதிரியைவிடத் தாழ்வதற்கு ஏமாற்றே காரணமாக இருக்கவேண்டியதில்லை. சிறு தோட்டக்காரர்கள் தத்தம் வீட்டில் உறையவைத்துக் கொண்டுவரும் சில ஷீட்டுகளை ஒன்றுசேர்த்தே வெள்ளறடை வணிகர் 50 கிலோக் கட்டு கட்டுகிறார். ஒருவர் அமிலத்தைக் கூட்டி ஊற்றியிருப்பார், ஒருவர் உருளையைத் தளர விட்டுத் தடித்த ஷீட் எடுத்திருப்பார், ஒருவர் தம்மிடம் புகைப்புரை இல்லாமையால் ஷீட்டை வெயிலிலும் அடுப்படியிலும் காயவைத்திருப்பார். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையடுத்து ஒன்று வரும் இந்தத் தென்கோடியில் உலர்த்தும் நாள் குறைவு. மாதிரி ஷீட்டோ கடையில் பல நாள் தொங்கி நன்றாகக் காய்ந்திருக்கும். உற்பத்தியாளர் சங்கம் ஒன்று ஒரே புகைப்புரையில் பலருடைய பாலையும் சேர்த்து ஷீட் செய்யும் இடங்களில் இந்த ஏற்றத்தாழ்வு குறைகிறது. தனித்தனி வீடுகளிலிருந்து திரட்டிய கட்டில் அது இருந்தே தீரும். இதை உணர்ந்து எழுதும் வாங்குபவர் மோசடி என்ற சொல்லைத் தவிர்ப்பது பண்புக்காக மட்டுமன்று. நோக்கத்தை நிரூபிக்கும் சுமையைத் தேவையின்றித் தம் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருப்பதற்காகவும்தான். மாதிரியோடு சரக்கு ஒத்திருக்கவில்லை என்பதே அவர் காட்டவேண்டியது.

ஒத்திருக்கவில்லை என்பதை எப்படிக் காட்டுவது என்பதற்கு ஷீட்டே சில அடையாளங்களைத் தருகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த ஷீட் தேன்நிறத்தில் ஒரே சீராக ஒளி விட்டால் அது காய்ந்தது. நடுவில் வெண்மையாக, ஒளி ஊடுருவாத புள்ளிகளும் திட்டுகளும் தெரிந்தால் அங்கே ஈரம் அகப்பட்டிருக்கிறது. ஷீட்டை இழுத்தால் மேற்பரப்பில் பழுப்புப் பொடி போன்ற படலம் தோன்றுவது துரு என்று வழங்கப்படும் குறை. பாலின் நீர்ப்பகுதியில் எஞ்சிய பொருட்களில் நுண்ணுயிர்கள் வளர்வதால், மெல்ல உலர்ந்த ஷீட்டில் இது வரும். பூசணம் மூன்றாவது அடையாளம். ஆனால் இம்மூன்றும் சான்றாக ஒரே மதிப்புடையவை அல்ல. பூசணம் வாங்குபவரின் கிடங்கிலேயே சில நாளில் படர்ந்திருக்கக்கூடும் என்று விற்பவர் சொல்ல இடமுண்டு. ஷீட்டின் உள்ளே அகப்பட்ட வெண்திட்டு அப்படிப் பிறகு தோன்றக்கூடியதன்று, அது முழுமையாக உலராமலேயே கட்டப்பட்டதைக் காட்டும். ஆகவே முறையீடு வெண்திட்டின்மீது நிற்கவேண்டும், பூசணத்தைத் துணையாக மட்டும் சொல்லவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வகுத்துக்கொண்டு இதைப் பின்தொடரலாம். தமிழ்நாட்டுப் பகுதியில் ரப்பர் விரிப்புகளை அச்சில் அழுத்திச் செய்யும் சிறு பட்டறை ஒன்று, வெள்ளறடை வணிகர் ஒருவரிடம் மூன்று ஷீட்டுகளைப் பார்த்து, அவற்றைப் போன்ற ஆர்.எஸ்.எஸ். 4 சரக்கில் 50 கிலோக் கட்டு 40, ஆக 2000 கிலோ, வாங்குவதாகக் கொள்ளலாம். விலை பேசும்போதே மூன்று ஷீட்டையும் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஒருவரும் மறுபாதியை மற்றவரும் பாலிதீன் உறையில் இட்டு, இருவர் கையெழுத்தும் உறைமேல் விழுமாறு மூடிவைத்துக்கொள்வது நல்ல முறை. வெட்டின் விளிம்பும் வரிகளும் பொருந்துவதால், பிறகு எந்தப் பாதியும் மாற்றப்பட்டதென்ற சந்தேகத்துக்கு இடமிருக்காது.

சரக்கு வந்ததும் பட்டறை எல்லாக் கட்டையும் பிரிக்கவும் கூடாது, மேலே கிடக்கும் ஒன்றைப் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. கட்டுகளுக்கு 1 முதல் 40 வரை எண் எழுதி, சீட்டுக் குலுக்கி எட்டை எடுத்து, ஒவ்வொன்றின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் ஷீட் உருவிப் பார்க்கிறது. கட்டின் வெளிப்புறத்தில் நல்ல ஷீட்டையும் உள்ளே மட்டமானதையும் வைத்துக் கட்டுவது வணிகத்தில் அறிந்த செய்தி என்பதால் நடு ஷீட்டே முக்கியமானது. எட்டில் ஐந்து கட்டுகளின் நடு ஷீட்டில் வெண்திட்டுகள் காணப்படுகின்றன. பிறகு எட்டுக் கட்டிலிருந்தும் தலா 25 கிராம் வீதம் மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, மொத்தம் 200 கிராமை, எடை மேலும் குறையாத வரை 100 டிகிரி அளவுள்ள அடுப்பில் உலர்த்தினால் 193.6 கிராம் மிஞ்சுகிறது, அதாவது 3.2 சதவீதம் ஈரம். மாதிரிப் பாதியிலிருந்து வெட்டிய 200 கிராம் அதே அடுப்பில் 198.8 கிராம் ஆகிறது, ஈரம் 0.6 சதவீதம். கட்டி ரப்பருக்கான இந்தியத் தரம் ஆவியாகும் பொருளை 0.8 சதவீதத்துக்குள் நிறுத்துவதோடு இதை ஒப்பிட்டால் மாதிரி எவ்வளவு நன்றாக உலர்ந்திருந்தது என்பது விளங்கும். மாதிரியை வெட்டி உலர்த்துவதென்றால் சான்றில் ஒரு பகுதி செலவாகும் என்பதை முன்பே கருதி, அதிலிருந்து சிறு துண்டுகள் மட்டுமே எடுத்து, கறையும் நிறமும் தெரியும் பெரும்பகுதியை உறைக்குள் அப்படியே விடவேண்டும்.

இந்த 2.6 சதவீத வேறுபாடு முழுச் சரக்குக்கும் பொருந்தும் என்று கொண்டால், 2000 கிலோவில் 52 கிலோ ரப்பர் விலைக்கு வாங்கிய நீராகிறது. கிலோ 180 ரூபாய் என்று வைத்தால் அது 9360 ரூபாய். பட்டறைக்கு இதைவிடப் பெரிய கவலை வேறு: ஈரமான ரப்பரைக் கலவை உருளையில் அரைத்து அச்சில் வேகவைக்கும்போது அகப்பட்ட நீர் ஆவியாகி, விரிப்பில் கொப்பளமும் துளையும் விழும். ஆகவே எடைக் கழிவு மட்டும் பெற்று வழக்கைத் தீர்ப்பது பட்டறைக்கு நியாயமாகாது. மாற்றுச் சரக்குக் கேட்பதற்கான உண்மையான காரணமும் இதுதான், கடிதம் அதைச் சொல்லவும் வேண்டும்.

சட்டம் இவ்விடத்தில் என்ன தருகிறது, என்ன தருவதில்லை என்பதைப் பிரித்தறிவது தேவை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மாதிரிப்படி விற்பனைக்கு மூன்று நிபந்தனைகளை உள்ளடங்கியவையாக வைக்கிறது: மொத்தச் சரக்கும் தரத்தில் மாதிரியை ஒத்திருக்கவேண்டும், இரண்டையும் ஒப்பிட வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்புத் தரவேண்டும், மாதிரியை நியாயமாகச் சோதித்தாலும் தெரியாத, விற்பனைக்கு ஒவ்வாத குறை சரக்கில் இருக்கக்கூடாது. மூன்றாவது நிபந்தனை ஆங்கில நாட்டில் 1887இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு கம்பளித் துணி வழக்கின் கருத்தைப் பின்பற்றுவது. அவ்வழக்கில் மாதிரியும் சரக்கும் ஒத்தே இருந்தன, இரண்டிலும் மறைந்திருந்த ஒரே குறை பின்னரே வெளிப்பட்டது. மாதிரியோடு தரப்பெயரையும் சொல்லி விற்றால் இரண்டுக்கும் சரக்கு பொருந்தவேண்டும் என்பது 15ஆம் பிரிவு. எனவே விலைச் சீட்டில் ஆர்.எஸ்.எஸ். 4 என்று எழுதியிருப்பது பட்டறைக்கு இரண்டாவது தாங்கலாகிறது.

சரக்கை இறக்கி வைத்ததாலேயே ஏற்றுக்கொண்டதாகாது. சோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை ஏற்பு இல்லை என்று 41ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஏற்பதாகத் தெரிவித்தாலோ, விற்பவரின் உடைமை என்பதற்கு முரணான ஒன்றைச் செய்தாலோ, நியாயமான காலம் கடந்தும் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்திருந்தாலோ ஏற்றதாகவே கொள்ளப்படும் என்பது 42ஆம் பிரிவு. 1821இல் ஆங்கில நீதிமன்றம் ஒன்று தீர்த்த வழக்கு இதற்குப் பழைய உதாரணம். கிழக்கிந்திய அரிசியை மாதிரி பார்த்து வாங்கியவர், சரக்கிலிருந்து எடுத்த புதிய மாதிரி முதல் மாதிரியைவிடத் தாழ்ந்திருப்பதைத் தாமே கண்டபின்பும், அதை ஏலத்தில் விற்க முயன்றார். குறையை அறிந்தபின் தம் சரக்கைப் போல நடத்தியதால் மறுக்கும் உரிமையை அவர் இழந்தார் என்று தீர்ப்பாயிற்று. பட்டறையின் நிலையில் இதன் பொருள் நேரடியானது: நல்லதாகத் தெரியும் மூன்று கட்டைக் கலவை உருளையில் போட்டுவிட்டு, மீதியை மாற்றித்தரக் கேட்பது ஆபத்து. பிரிக்கமுடியாத ஒரே ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டவர், வேறு உடன்பாடு இல்லாதவரை, முழுச் சரக்கையும் மறுக்கமுடியாமல் இழப்பீடு மட்டுமே கேட்கும் நிலைக்கு 13ஆம் பிரிவால் தள்ளப்படுவார்.

இன்னொரு செய்தி பலரும் கவனிக்காமல் விடுவது. மாற்றுச் சரக்குப் பெறும் உரிமையை இச்சட்டம் வாங்குபவருக்குத் தரவில்லை. மறுக்கலாம், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம், இழப்பீடு கேட்கலாம்; மறுத்த சரக்கைத் தம் செலவில் திருப்பி அனுப்பும் கடமையும், வேறு உடன்பாடு இல்லாதவரை, 43ஆம் பிரிவின்படி அவருக்கு இல்லை. ஆனால் வேறு கட்டுகளைக் கொடு என்பது விற்பவர் இசைந்தால் மட்டுமே நடக்கக்கூடியது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதான பொருளை மாற்றித்தர உத்தரவிட ஆணையங்களுக்கு அதிகாரம் தந்தாலும், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து அது விலக்குகிறது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சிறு தொழிலுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. இதனால் மாற்றுக் கேட்கும் கடிதம் இரண்டு குரலில் பேசவேண்டியிருக்கிறது: மறுப்பை உறுதியாகத் தெரிவித்து, மாற்றுச் சரக்கை விற்பவருக்கும் வசதியான ஒரு வழியாக முன்வைக்கவேண்டும்.

அத்தகைய கடிதம், மேற்கண்ட எடுத்துக்காட்டின் எண்களை வைத்து, இவ்வாறு அமையலாம்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்களும் நாங்களும் கையெழுத்திட்டு மூடிய மூன்று மாதிரி ஷீட்டுகளைப் போன்ற ஆர்.எஸ்.எஸ். 4 சரக்கு 40 கட்டு, 2000 கிலோ, தங்கள் விலைச் சீட்டுடன் இம்மாதம் 12ஆம் தேதி எங்கள் பட்டறைக்கு வந்துசேர்ந்தது. 13ஆம் தேதி சீட்டுக் குலுக்கி எடுத்த 3, 8, 14, 19, 22, 27, 33, 38 ஆகிய எண்ணுள்ள கட்டுகளைத் திறந்தோம். அவற்றில் 8, 14, 22, 27, 38 ஆகிய ஐந்து கட்டுகளின் நடு ஷீட்டுகளில் உலராத வெண்திட்டுகள் உள்ளன. மாதிரியில் அவ்வாறு எதுவும் இல்லை. ஒரே அடுப்பில் உலர்த்தியபோது சரக்கில் 3.2 சதவீதமும் மாதிரியில் 0.6 சதவீதமும் ஈரம் இருந்தது. இந்த ஈரத்தால் விரிப்பில் கொப்பளம் விழும் என்பதால் சரக்கை எங்களால் பயன்படுத்த இயலாது. மாதிரியோடு ஒத்திராமையால் 40 கட்டையும் ஏற்கவில்லை என்பதை இதனால் தெரிவித்துக்கொள்கிறோம். ஒரு கட்டையும் பயன்படுத்தவில்லை; திறந்த எட்டும் திறவாத முப்பத்திரண்டும் தங்கள் பொறுப்பில் தனியாக, மழை படாமல் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. தாங்களோ தங்கள் ஆளோ வரும் 17ஆம் தேதிக்குள் வந்து, தங்களிடமுள்ள மாதிரிப் பாதியோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டுகிறோம். மாதிரிக்கு ஒத்த 40 கட்டுகளை 24ஆம் தேதிக்குள் மாற்றித் தந்து, இவற்றைத் தாங்களே எடுத்துச் செல்ல இசைந்தால் இவ்விஷயம் முடிந்ததாகக் கொள்வோம். இயலாவிடில் செலுத்திய தொகையைத் திருப்பித் தர வேண்டுகிறோம். இரண்டும் நடவாவிடில் சட்டப்படி எங்களுக்குள்ள உரிமைகளை இக்கடிதம் குறைக்காது. தங்கள் உண்மையுள்ள."

இக்கடிதத்தில் தேதிகள் நெருங்கியிருப்பது தற்செயலானதன்று. நியாயமான காலம் எத்தனை நாள் என்று சட்டம் எண் சொல்லவில்லை, சரக்கின் தன்மை பார்த்தே அது முடிவாகும். மழைக்காலத்தில் நாளும் பூசணம் ஏறும் ஷீட்டுக்கு அது குறுகியதாகவே இருக்கும். கட்டு எண்களைச் சொல்வதால் விற்பவர் வந்து தாமே வேறு எண்களைத் தேர்ந்து திறந்துபார்க்க முடிகிறது. எல்லைப் பகுதியில் தமிழ் பேசி மலையாளத்தில் படித்தவர்கள் பலர் என்பதால், தரப்பெயரும் எண்களும் கட்டெண்களும் தனி வரிகளில் மலையாளத்திலும் இணைக்கப்பட்டால் பிழையான வாசிப்புக்கு இடம் குறையும்.

விற்பவரிடமிருந்து வரும் பதில்களில் பெரும்பாலானது ஒன்றுதான்: இரண்டு நாள் புகைப்புரையில் போட்டால் சரியாகிவிடும், கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள் என்பது. இதே வாதம் 1949ஆம் ஆண்டின் ஆங்கிலத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற ஒரு ரப்பர் வழக்கிலும் எழுந்தது. மாதிரியாகக் காட்டிய ரப்பர் தட்டையாகவும் மென்மையாகவும் இருந்தது. வந்தது சுருக்கம் விழுந்திருந்தது. சூடுகாட்டினால் சுருக்கம் போய்விடும் என்று விற்றவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கியவர் எளிய வேலை செய்து சரிப்படுத்திக்கொள்ளக்கூடும் என்பதால் மாதிரியோடு ஒத்த சரக்கு கொடுக்கப்பட்டதாகாது என்பதே தீர்ப்பின் கருத்து. வெள்ளறடை ஷீட்டுக்கு இது இன்னும் வலுவாகப் பொருந்தும். உலராமல் கட்டிவைத்த ஷீட்டின் வெண்திட்டை மறுபுகை போக்கினாலும், அதற்குள் வந்த துருவும் நாற்றமும் போகாது. விற்பவர் தம் செலவில் எடுத்துச் சென்று மறுபடி உலர்த்தித் திரும்பவும் அனுப்ப விரும்பினால், அதை மறுப்பதற்கும் ஏற்பதற்கும் பட்டறைக்கு உரிமை உண்டு. ஏற்றால், திரும்பி வருவதும் மாதிரியோடு ஒப்பிடப்படும் என்று எழுதி வாங்கவேண்டும்.

மாற்றுச் சரக்குக்கு இசைந்தபின் கணக்கு வேலையும் உண்டு. சரக்கு மாநில எல்லையைக் கடந்திருப்பதால், திரும்பிச் செல்லும் 40 கட்டுக்கும் விற்பவர் சரக்கு-சேவை வரிச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி வரவுக் குறிப்பு எழுதி, புதிதாக வரும் கட்டுகளுக்குத் தனி விலைச் சீட்டுத் தரவேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்பதால் இரு பயணத்துக்கும் மின்வழிச் சீட்டு உடன்வரவேண்டும். பழைய விலைச் சீட்டிலேயே புதிய கட்டுகளையும் ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் வழிச் சோதனையில் சரக்கை நிறுத்திவைக்கச் செய்யலாம். அதைவிட, எந்தக் கட்டு மறுக்கப்பட்டது, எது ஏற்கப்பட்டது என்ற தெளிவையே அழித்துவிடும்.

மாற்றாக வரும் கட்டுகளை ஒப்பிடுவதற்கும் அந்தப் பழைய மாதிரிப் பாதிதான் இருக்கிறது. ஆனால் ஷீட்டும் நாளாக ஆகக் கறுக்கும், உறைக்குள் ஈரம் புகுந்தால் அதிலும் பூசணம் வரும். ஆகவே நிற வேறுபாட்டை மட்டும் வைத்து இரண்டாவது சரக்கை மறுக்கக்கூடாது. வெண்திட்டையும் உலர்த்திய எடையையும் வைத்தே முடிவு செய்யவேண்டும். மாதிரி பழுதாகத் தொடங்கினால், இருவரும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட மாற்றுக் கட்டுகளிலிருந்தே புதிய மூன்று ஷீட்டை எடுத்து, நீளவாக்கில் வெட்டி, அன்றைய தேதியிட்டு மூடிக்கொள்வதே அடுத்த கொள்முதலுக்கு உகந்த வழி.